பதில் கேட்காத வரவேற்பு

"பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். என் மகனுக்கு வயது 15, படிவம் 3. பள்ளி முடிந்து வந்ததும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குள் போய்விடுகிறான். 'என்ன ஆச்சு?' என்று அன்பாகத்தான் கேட்கிறேன். அடுத்த இரண்டு நிமிடத்தில் சண்டை. என் மாமியார் ஒரு பக்கம் கேட்கிறார், சாயங்காலம் கணவர் வந்து இன்னொரு பக்கம் கேட்கிறார். கேட்காமல் விட்டால் அக்கறை இல்லாத அம்மா என்று நினைத்துக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது. அவன் வாசலில் வரும்போது நான் என்னதான் சொல்வது?"

பினாங்கில் இடைநிலைப்பள்ளிகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆலோசக ஆசிரியையாக இருந்தேன். பெற்றோர் என் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் உங்களுடையதுதான்: "அன்பாகத்தான் கேட்கிறேன்." அதை நான் எப்போதும் நம்பியிருக்கிறேன். உங்கள் அன்பில் குறையில்லை. அது கேள்வி வடிவத்தில் வாசலில் வந்து நிற்பதுதான் சிக்கல்.

அவனுடைய நாளை ஒரு முறை அவன் பக்கமிருந்து நடந்து பாருங்கள். பினாங்கில் சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகிவிடும். ஏழரைக்குப் பள்ளி என்றால் அவன் எழுவது ஐந்தே முக்கால், ஆறு. வெளியே இன்னும் இருட்டு. பருவ வயதில் உடலின் தூக்கக் கடிகாரம் ஒன்று இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. இது சோம்பேறித்தனம் அல்ல. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பே அந்த வயதில் தாமதமாகத்தான் ஊறுகிறது. பத்து மணிக்கு விளக்கை அணைத்தாலும் கண் அசருவதற்குப் பதினொன்று தாண்டிவிடும். அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் மகனுக்கு ஆறு அல்லது ஆறரை கிடைத்தால் பெரிது. காலை பத்து மணியளவில் ஓய்வு நேரம்; உணவகத்தில் வரிசையில் நின்றே அது கரைந்துவிடும். அதற்குப் பிறகு மதியம் வரை ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான். பிறகு வெயிலில் வேனுக்குக் காத்திருந்து, எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வரும் வேனில் வந்து சேர்கிறான்.

இன்னொன்றும் உண்டு. அதை நம் வீடுகளில் பெரும்பாலும் யோசிப்பதில்லை. காலையிலிருந்து அவன் மலாயில் பதில் சொல்லியிருக்கிறான், ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்கிறான். ஆசிரியர் கேட்டால் எழுந்து நின்றிருக்கிறான். நண்பர்கள் கேலி செய்தால் அடிபடாதவன் போலச் சிரித்திருக்கிறான். ஏழு மணி நேரம் முகத்தைக் காவல் காத்துவிட்டு, அந்தக் காவலை இறக்கி வைக்கக்கூடிய ஒரே இடத்துக்கு வருகிறான். வெளியே அடக்கி வைத்தது வீட்டு வாசலில்தான் சரியும், ஏனென்றால் அங்கேதான் அது சரியலாம். உங்களிடம் முகம் காட்டுகிறான் என்றால், உங்கள் எதிரில் நடிக்கத் தேவையில்லை என்று அவன் நம்புகிறான் என்றும் அதற்குப் பொருள் உண்டு. இது வலிக்காது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

அந்த நேரத்தில் "என்ன ஆச்சு?" என்று கேட்டால் அவனுக்கு என்ன நேர்கிறது? என்ன ஆனது என்று அவனுக்கே இன்னும் வார்த்தையில் தெரியாது. வயிற்றில் ஒரு பிசைவு இருக்கிறது, அவ்வளவுதான். பள்ளியில் பெரியவர் ஒருவர் "என்ன ஆச்சு?" என்று கேட்டால், தவறு யாருடையது என்று தேடுகிறார் என்றே அவன் அனுபவம் சொல்கிறது. அதோடு பாட்டி கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே அவனிடம் இருப்பது ஒரே பதில்: "ஒன்றுமில்லை." அந்த "ஒன்றுமில்லை" உங்களுக்குக் கதவைச் சாத்துவது போலக் கேட்கிறது. உடனே இரண்டாவது வாக்கியம் வருகிறது: "ஒன்றுமில்லை என்றால் ஏன் முகம் இப்படி இருக்கிறது?"

சண்டை பிறப்பது அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான். என்னிடம் வந்த குடும்பங்களில் முதல் வாக்கியத்தில் தொடங்கிய சண்டை மிகக் குறைவு. இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்களில்தான் "வாயில் என்ன கொழுக்கட்டையா?" வரும், "யார் மேலே உள்ள கோபத்தை யார் மேலே காட்டுகிறாய்?" வரும், பிறகு சித்தி மகன் எப்படி வந்ததும் சிரித்துப் பேசுகிறான் என்பதும் வந்துவிடும்.

ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: வரவேற்புக்குப் பதில் தேவைப்படக் கூடாது. அவன் வாயே திறக்காவிட்டாலும் முழுமையாக இருக்கிற ஒரு வரவேற்பைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

நம்மிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு வழக்கம் இருக்கிறது. வெயிலில் ஒரு விருந்தாளி வந்தால் நாம் வாசலிலேயே "என்ன விஷயமாக வந்தீர்கள்?" என்று கேட்பதில்லை. "வாங்க, உட்காருங்க" என்று சொல்லித் தண்ணீர் கொடுக்கிறோம். அவர் குடித்து, மூச்சு வாங்கி, விசிறிக் காற்றில் கொஞ்சம் ஆறிய பிறகுதான் சேதி கேட்கிறோம். வந்தவர் சாவுச் செய்தி கொண்டுவந்திருந்தாலும் முதலில் தண்ணீர்தான். அந்த மரியாதையை நம் பிள்ளைக்கு மட்டும் ஏனோ நாம் கொடுப்பதில்லை. "வந்துவிட்டாயா?" என்பதைக் கவனியுங்கள். கேள்வி போல இருக்கிறது, ஆனால் யாரும் அதற்குப் பதில் எதிர்பார்ப்பதில்லை. நீ வந்ததை நான் பார்த்தேன் என்பதுதான் அதன் பொருள். தமிழில் இதைவிட நல்ல வாசல் சொல் இல்லை.

நாளைக்கு இப்படிச் செய்து பாருங்கள். வேன் வரும் நேரத்தில் வாசலில் நிற்காதீர்கள். கூடத்திலோ சமையலறை மேசையிலோ உட்கார்ந்து கையில் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். கீரை ஆய்வது, துணி மடிப்பது, நெத்திலி கிள்ளுவது, எதுவானாலும் சரி. அவன் உள்ளே வரும்போது தலை நிமிர்ந்து அவனைப் பாருங்கள். "வந்துவிட்டாயா, ஐயா. வெயில் கொளுத்துகிறதே. மேசையில் தண்ணீர் இருக்கிறது, சோறு சூடாக இருக்கிறது." அவ்வளவுதான். பார்வையை மறுபடியும் வேலைக்குத் திருப்புங்கள்.

அந்த மூன்று சிறு வாக்கியங்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அவனை அடையாளம் கண்டுகொண்டாயிற்று. அவனுடைய முகத்தைப் பற்றிச் சொல்லாமல் வெயிலைப் பற்றிச் சொல்லியாயிற்று. அவனுக்கு வேண்டியது எங்கே இருக்கிறது என்று சொல்லியாயிற்று, "சாப்பிடுகிறாயா?" என்றுகூடக் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்கு "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அடுத்த சண்டை அங்கே தொடங்கும். சோறு இருக்கிறது என்பது செய்தி. வேண்டும்போது வந்து எடுத்துக்கொள்வான்.

முகத்தைப் பற்றி ஏன் பேசக் கூடாது என்கிறேன் தெரியுமா? "முகம் வாடியிருக்கிறதே, கண்ணு" என்பது கேட்பதற்கு எவ்வளவு கனிவாக இருக்கிறது! ஆனால் அதைக் கேட்ட கணத்தில் அவன் தன் முகத்தை மறுபடியும் காவல் காக்கத் தொடங்குகிறான். இறக்கி வைத்த சுமையைத் திரும்பத் தூக்கச் சொன்னது போல ஆகிவிடுகிறது.

உங்கள் முகத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். மற்றவர் முகக்குறிப்பைச் சரியாகப் படிக்கும் திறன் இந்த வயதில் இன்னும் பக்குவப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் கவலை முகம் அவனுக்குக் கோப முகமாகத் தெரியலாம். "அம்மா எப்போது பார்த்தாலும் திட்டுகிறார்கள்" என்று மாணவர்கள் என்னிடம் சொல்வார்கள். என்ன சொல்லித் திட்டினார்கள் என்று கேட்டால், "ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள்" என்பார்கள். அதனால்தான் கையில் வேலை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வேலை செய்கிற முகம் யாரையும் விசாரிப்பதில்லை. குரலும் மற்ற நாள்களில் இருப்பது போலவே இருக்கட்டும். திடீரென்று தேன் ஒழுகினால் அவனுக்குச் சந்தேகம் வரும்.

அவன் ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டால்? போகட்டும். வரவேற்பு நடந்துவிட்டது. பின்னால் போகாதீர்கள், கதவைத் தட்டாதீர்கள். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் அவனுடையது. பெரும்பாலான பிள்ளைகள் அதற்குள் தண்ணீருக்காகவோ சோற்றுக்காகவோ வெளியே வருவார்கள். அப்போதும் விசாரணை வேண்டாம், தட்டை எடுத்துக் கொடுங்கள், போதும்.

காலணியை உதறி எறிகிறான், பையை நடுக் கூடத்தில் போடுகிறான் என்றால் அந்த நாற்பத்தைந்து நிமிடத்துக்கு அவற்றை விட்டுவிடுங்கள். ஒழுங்கைக் கைவிடச் சொல்லவில்லை, ஒத்திவைக்கத்தான் சொல்கிறேன். அவன் சாப்பிட்டு முடித்ததும், சாதாரணக் குரலில், "பையை உள்ளே வைத்துவிடு, சட்டையை வாளியில் போட்டுவிடு" என்று சொல்லுங்கள். வயிறு நிறைந்த பிள்ளை அதைச் செய்துவிடுவான். பசியோடு இருப்பவனிடம் அதையே சொன்னால் அது போர் முழக்கம்.

சில நாள்களில் உங்கள் மூன்று வாக்கியங்களுக்கே சீறுவான். "விடுங்கள் அம்மா!" என்று கத்துவான். அப்போது நம் நாக்கு நுனியில் நிற்பது "என்னிடமே குரலை உயர்த்துகிறாயா?" என்பது. அதை விழுங்கிவிட்டு, "சரி. நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். தவறான சொல் ஏதாவது சொன்னால் மட்டும், "அந்தச் சொல் இந்த வீட்டில் வேண்டாம்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கத்தியதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும், ஆனால் இரவில், இருவரும் ஆறிய பிறகு, ஒரே வாக்கியத்தில்: "மதியம் நீ கத்தியது எனக்கு வலித்தது." இதற்குப் பெரும்பாலான பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். மன்னிப்பு வார்த்தையில் வராது. மறுநாள் தானாகத் தட்டைக் கழுவி வைப்பதில் வரும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன்: கேட்காமல் விட்டால் அக்கறையில்லை என்று நினைத்துக்கொள்வானோ? கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாசலில் கேட்காதீர்கள் என்கிறேன். கேட்பதற்கு வேறு இடமும் வேறு நேரமும் உண்டு.

நேரம் என்று பார்த்தால், இந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இரவு ஒன்பதரை, பத்துக்கு மேல்தான் பேசுவார்கள். அந்தத் தாமதமான கடிகாரமும் ஒரு காரணம். உங்களுக்குக் கண் சொக்கும்போது அவனுக்கு மனம் தெளிகிறது. கட்டில் ஓரத்தில் வந்து நின்று ஒன்றுமில்லாத ஒன்றைச் சொல்வான்: "நாளைக்கு வெள்ளைச் சட்டை இருக்கிறதா?" அது சட்டையைப் பற்றிய கேள்வி அல்ல. அந்த நேரத்தில் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஐந்து நிமிடம் விழித்திருங்கள். இடம் என்றால், எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடம்: காரில், பாத்திரம் துலக்கும் இடத்தில், கடைக்கு நடந்து போகும்போது. கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் வாய் தானாகத் திறக்கும்.

அப்போதும் கேள்வி கேட்காமல், அதற்குப் பதிலாக ஒரு வாக்கியம் சொல்லுங்கள். "இன்றைக்கு நாள் கனமாக இருந்தது போல." சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். எண்ணுவது முக்கியம், நம்மால் மூன்றுக்கு மேல் பொறுக்க முடிவதில்லை. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கோர்டன் 1962இல் பெற்றோருக்குப் பயிற்சி வகுப்புகள் தொடங்கினார். அவர் இப்படிப்பட்ட சிறு வாக்கியங்களைக் கதவைத் திறப்பவை என்றும், அறிவுரை, விசாரணை, அவசர ஆறுதல் போன்றவற்றைப் பாதையை அடைப்பவை என்றும் பிரித்தார். விசாரணையை அடைப்புகளில் ஒன்றாக அவர் சேர்த்தது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. ஆலோசனை அறையில் சில ஆண்டுகள் உட்கார்ந்த பிறகு வியப்பு போய்விட்டது. நான் கேள்வி கேட்டவரை பிள்ளைகள் என் கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள். தங்கள் விஷயத்தைச் சொல்லவில்லை.

ஒரு குடும்பத்தில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். மகள் படிவம் 2. யாழினி என்று வைத்துக்கொள்வோம். இரண்டே முக்காலுக்கு வேன் வரும். மூன்று மணிக்குள் சண்டை முடிந்து அறைக் கதவு அறைந்து சாத்தப்பட்டிருக்கும். ஒரு மாதமாக இப்படியே போய்க்கொண்டிருந்தது.

அம்மாவிடம் நான் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். ஐந்து பள்ளி நாள்களுக்கு, மகள் உள்ளே வந்ததும் நீங்கள் சொல்லும் வாக்கியங்களை அப்படியே எழுதிவையுங்கள், எதையும் மாற்ற வேண்டாம் என்றேன். அளவு எழுதும் நோட்டிலேயே எழுதிக் கொண்டுவந்தார். திங்கள்: "ஏன் இன்றைக்கும் இப்படி வருகிறாய்? யார் என்ன சொன்னார்கள்? சோதனைத் தாள் கொடுத்தார்களா? கேட்டுக்கொண்டே இருக்கிறேன், பதில் சொன்னால் என்ன?" செவ்வாய், புதன் எல்லாம் அதே கதை. அவர் எழுதியதில் பெரும்பகுதி கேள்விகள். அவரே அதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "என் மாமியார் என்னை இப்படிக் கேட்டிருந்தால் நான் அம்மா வீட்டுக்கே போயிருப்பேன்" என்றார். நான் அதற்கு மேல் விளக்கத் தேவை இருக்கவில்லை.

அடுத்த வாரம் வாசல் வாக்கியத்தை மாற்றினோம். தையல் இயந்திரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்து, "வந்துவிட்டாயா, அம்மா. மைலோ குளிர்பெட்டியில் இருக்கிறது." முதல் நாள் யாழினி ஒன்றும் சொல்லாமல் போனாள், கதவு சாத்தப்பட்டது, ஆனால் அறையப்படவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அம்மா தவறிவிட்டார். மகளின் கண் சிவந்திருந்ததைப் பார்த்துத் தாங்க முடியாமல் "அழுதாயா?" என்று கேட்டுவிட்டார், பழைய சண்டை முழுதாக நடந்தது. நான் அதை எதிர்பார்த்திருந்தேன். ஒரு நாள் தவறினால் எல்லாம் பாழாகிவிடாது. மறுநாள் அதே வாக்கியத்துக்குத் திரும்பினால் போதும். திரும்பினார். நான்காம் நாள் யாழினி நின்று, "ஏன் நீங்கள் ஒன்றும் கேட்க மாட்டேன் என்கிறீர்கள்? யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?" என்று கேட்டாள்.

இந்தக் கட்டம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வரும், உங்களுக்கும் வரும். பிள்ளைகள் முட்டாள்கள் அல்லர். அம்மா மாறினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது பொய் சொல்லாதீர்கள். அந்த அம்மா சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது: "நான் கேட்டால் உனக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ள ஆசைதான். நீ சொல்கிறபோது கேட்டுக்கொள்கிறேன்." யாழினி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாவது வாரத்தின் நடுவில் ஒரு நாள் மாலை, அம்மா ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். யாழினி பக்கத்தில் உட்கார்ந்து கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். யாரும் பேசவில்லை. ஏழாவது எட்டாவது கொக்கியில், ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஓய்வு நேரத்தில் நான் நூலகத்தில்தான் இருக்கிறேன்." கேள்வி கேட்பவராக இருந்தால் அம்மா உடனே "ஏன், உன் தோழிகள் எங்கே?" என்றிருப்பார். அவர் ஊசியை நிறுத்தாமல், "நூலகத்தில்" என்று மட்டும் திருப்பிச் சொன்னார். சற்று நேரம் கழித்து மிச்சமும் வந்தது. இவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து இவளை நீக்கிவிட்டு, இருவரும் வேறு குழு தொடங்கியிருந்தார்கள். இவள் மட்டும் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவள். இவள் மலாய் பேசும் விதத்தை ஒருத்தி நடித்துக் காட்டியிருக்கிறாள், மற்றவள் சிரித்திருக்கிறாள்.

அம்மாவுக்கு உடனே அந்தப் பெண்ணின் தாயைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் போலிருந்தது. அழைத்திருந்தால் யாழினி அதற்குப் பிறகு ஓராண்டுக்கு எதையும் சொல்லியிருக்க மாட்டாள். பதிலாக அவர் ஒன்று கேட்டார். இந்தக் கட்டத்தில் கேட்கத் தகுந்த கேள்வி இது ஒன்றுதான் என்று நான் சொல்லியிருந்தேன்: "நான் கேட்டுக்கொண்டால் போதுமா, ஏதாவது செய்ய வேண்டுமா?" மகள், "கேட்டால் போதும்" என்றாள். பத்து நாள் கழித்து அவளே ஆலோசனை அறைக்கு வந்தாள்.

அந்த நட்பு திரும்பவில்லை. ஆண்டு முடியும் வரை ஓய்வு நேரம் அவளுக்குக் கடினமாகத்தான் இருந்தது. சில நாள்கள் அதே உம்மென்ற முகத்தோடுதான் வீட்டுக்கு வந்தாள். மாறியது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான்: வீட்டில் சண்டை இல்லை, அதனால் ஒரு நாளில் அவளுக்கு இரண்டு இடத்தில் அடி விழவில்லை. வாசல் வரவேற்பால் பள்ளியில் நடப்பதைச் சரிசெய்ய முடியாது. அதைப் பற்றிப் பேசுவதற்கான பாதையை அடைக்காமல் வைத்திருக்கத்தான் முடியும்.

வாசலிலேயே விதியை மாற்ற வேண்டிய நாள்களும் உண்டு. சட்டை கிழிந்திருக்கிறது, உதட்டில் இரத்தம், கைச்செலவுப் பணம் அடிக்கடி காணாமல் போகிறது என்றால் அன்றே கேட்க வேண்டும், அப்போதும் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, பாட்டி இல்லாத அறையில், "இதை யார் செய்தது என்று எனக்குத் தெரிய வேண்டும், உன்னிடம் சொல்லாமல் பள்ளிக்குப் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

உம்மென்றிருப்பதற்கும் மனச்சோர்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். உம்மென்று வருகிற பிள்ளை சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்ததும் மாலையில் பந்து விளையாடப் போவான், நண்பனிடம் சிரித்துப் பேசுவான், சனி ஞாயிறுகளிலும் விடுமுறையிலும் வேறு ஆளாக இருப்பான். ஆனால் மனச்சோர்வு வேறு மாதிரி: இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில், விடுமுறையிலும்கூட, முகம் தெளியவில்லை. பிடித்த விளையாட்டைத் தொடுவதில்லை. தூக்கமும் சாப்பாடும் தலைகீழாகிவிட்டன. வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறான். "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற மாதிரிப் பேச்சு வருகிறது. இப்படி என்றால், இனி இது வரவேற்பு முறையால் தீரக்கூடியது அல்ல. பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள், அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். செத்துப்போகலாம் போலத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, யாரிடமாவது சொல்ல முடிகிறதே என்ற நிம்மதிதான் வரும். அவசரத்துக்கு அரசின் 15999 எண் இருக்கிறது. பிஃபிரண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 எண்ணில் இரவிலும் பேசலாம்.

கடைசியாக உங்கள் மாமியாரும் கணவரும். மாமியாரிடம் "கேட்காதீர்கள், அத்தை" என்று சொன்னால் அவர் மனம் புண்படும். ஒரு வேலை கொடுங்கள். அவன் வந்ததும் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது இனி பாட்டியின் பொறுப்பு என்று சொல்லிவையுங்கள். கையில் குவளை இருந்தால் வாயில் கேள்வி குறையும். பாட்டி "குடி, ராசா" என்று சொன்னாலே அது முழு வரவேற்பு.

கணவரிடம் எப்போது சொல்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர் வேலை முடிந்து உள்ளே நுழைந்ததும், மகன் காதுபட, "இவன் இன்றைக்கும் உம்மென்றுதான் வந்தான்" என்று சொல்கிறீர்களா? பல வீடுகளில் மாலைச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. மதியம் ஆறிப்போன விஷயம் வழக்காக மாறி, அப்பா நீதிபதியாக உட்கார வைக்கப்படுகிறார். அவருக்கும் பசி, அவருக்கும் களைப்பு. அவருக்கும் முதலில் தண்ணீர் கொடுங்கள். மகனைப் பற்றிய சேதியை அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, அறைக்குள், மெல்லிய குரலில் சொல்லுங்கள். நாளை மதியம் நீங்கள் சொல்லப்போகும் அந்த மூன்று வாக்கியங்களையும் அப்போதே சொல்லிவையுங்கள். சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கை முடிந்து மகனை அழைத்துவரப் போவது அவராக இருந்தால், காரில் சொல்ல அவருக்கும் வேண்டுமே.